நாற்பது வினாடி

ஒரு தமிழ்ச்சொல் சில வாரங்களுக்குள் பொருள் மாறிப்போனதை நாம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரைக்கும் ‘குறும்படம்’ என்றால், கையில் காசில்லாத இளைஞர்கள் நண்பர்களை நடிக்கவைத்து எடுக்கும் பத்து நிமிடப் படம். கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு கனவின் சாயல்கூட உண்டு. பிறகு விஜய் தொலைக்காட்சியில் பிக் பாஸ் முதல் சீசன் வந்தது. ஓவியாவைப் பற்றி ஜூலி சொன்ன ஒன்று உண்மையல்ல என்று காட்டுவதற்காக, வார இறுதி நிகழ்ச்சியில் கமல்ஹாசன், வீட்டுக்குள் பதிவாகியிருந்த ஒரு காட்சித் துண்டை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினார். அதற்குக் குறும்படம் என்று பெயர். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு ஆதாரம் என்று பொருள், கையும் களவுமாகப் பிடிப்பது என்று பொருள். ஆபீஸ் சண்டையிலும் புருஷன் பெண்டாட்டி வாக்குவாதத்திலும்கூட, “குறும்படம் போடட்டுமா?” என்பது ஒரு மிரட்டல்.

எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, சரியான பெயர். அது படம்தான். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்தக் கேமராவின் கோணத்தை எடுப்பது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவுசெய்த படம். ஜூலி சொன்னது பொய்யில்லை என்று நான் வாதாட வரவில்லை. எத்தனையோ சின்னப் பொய்கள் சொல்லப்பட்ட ஒரு வீட்டில் எந்தப் பொய்க்குக் குறும்படம் எடுக்கிறோம் என்பதும் ஒரு படத்தொகுப்பு முடிவுதான் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் பிக் பாஸை வைத்தே இதைப் பேச ஆரம்பித்தால் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வாசகர்களில் பாதிப் பேருக்கு அதில் ஒரு கட்சி இருக்கும். “ஆனா அவ செஞ்சது தப்புதானே சார்?” என்று கேட்பீர்கள். அதனால் முதலில் நம்மில் யாருக்கும் கட்சியில்லாத ஓர் இடத்துக்குப் போய்விட்டு வருகிறேன். கெட்ட வார்த்தையும் சதியும் கண்ணீர்ச் சண்டையும் இல்லாத நிகழ்ச்சி. புல்வெளியில் ஒரு வெள்ளைக் கூடாரம், அதற்குள் கேக் சுடும் சாதாரண மனிதர்கள். பிரிட்டனின் ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’. உலகத்திலேயே சாதுவான போட்டி நிகழ்ச்சி எது என்று கேட்டால் பலர் இதைத்தான் சொல்வார்கள். அங்கேயே ஒரு வில்லியை உருவாக்க முடிந்தது என்றால் வேறெங்கும் முடியும்.

2014 ஆகஸ்ட் 27 அன்று பிபிசி ஒன்றில் அந்த ஐந்தாவது சீசனின் நான்காம் வாரம் ஒளிபரப்பானது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் மிச்சம். அன்றைய பெரிய சவால் பேக்டு அலாஸ்கா. கீழே ஸ்பாஞ்ச் கேக், அதன்மேல் ஐஸ்கிரீம், அதை மூடி அடித்த முட்டை வெள்ளை. வெளிப்பக்கத்தைச் சூட்டில் பொன்னிறமாக்க வேண்டும், உள்ளே ஐஸ்கிரீம் உருகக் கூடாது. படம்பிடித்த நாளோ நல்ல வெயில். இயன் வாட்டர்ஸ் என்ற தாடிக்கார இளைஞர் தன் ஐஸ்கிரீமை ஃப்ரீசரில் வைத்திருந்தார். டயானா பியர்ட் என்ற அறுபத்தொன்பது வயதுப் பெண்மணி அதை வெளியே எடுத்தார். ஒளிபரப்பில் நாம் பார்ப்பது இதுதான்: ஐஸ்கிரீம் வெளியே எடுக்கப்படுகிறது, இயன் வந்து பார்க்கிறார், உருகியிருக்கிறது, ஏன் எடுத்தீர்கள் என்கிறார், உனக்கென்று ஒரு ஃப்ரீசர் இருக்கிறதே என்கிற மாதிரி டயானா பதில் சொல்கிறார், இயன் ஆத்திரத்தில் மொத்தத்தையும் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கூடாரத்தை விட்டு வெளியேறுகிறார். பிறகு திரும்பி வந்து, நடுவர்கள் மேரி பெர்ரி, பால் ஹாலிவுட் முன்னால் அந்தக் குப்பைக்கூடையையே கொண்டுபோய் வைக்கிறார். அன்று வெளியேற்றப்பட்டவர் அவர்தான்.

அன்று இரவே இங்கிலாந்தில் டயானா வில்லி. நூற்றுக்கணக்கான புகார்கள் போயின. பத்திரிகைகள் அதற்கு ‘பின்கேட்’ என்று பெயர் வைத்தன. ‘பின்’ என்றால் குப்பைக்கூடை, மிச்சம் வாட்டர்கேட்டிலிருந்து வந்தது. இயனை பிபிசியின் ‘நியூஸ்நைட்’ அரசியல் விவாத நிகழ்ச்சிக்கே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஊரில் கேக் போட்டிகளுக்கு நடுவராக இருந்து பழகிய ஒரு மூதாட்டி, நாசவேலைக்காரி என்று ஊர் பேசும்படி ஆனார்.

அந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவரான சூ பெர்கின்ஸ் ட்விட்டரில் ஒரு தகவல் சொன்னார். அந்த ஐஸ்கிரீம் வெளியே இருந்தது நாற்பது வினாடி.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம், சுற்றிலும் 30 டிகிரி காற்று என்று வைத்துக்கொள்வோம். அசையாத காற்றிலிருந்து அதற்குள் போகும் வெப்பம் தோராயமாக 25 வாட், பழைய சின்ன குண்டு பல்பு அளவு. நாற்பது வினாடிக்கு 1000 ஜூல். ஒரு கிராம் பனியை உருக்க 334 ஜூல் வேண்டும். ஆக மூன்று கிராம் உருகும். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. என் கணக்கு நான்கு மடங்கு தப்பு என்றாலும் மூன்று டீஸ்பூன். அப்படியானால் அந்த ஐஸ்கிரீம் ஏன் கூழாக இருந்தது? பெரும்பாலும் அது சரியாக உறையவே இல்லை. ஐஸ்கிரீம் கெட்டியாவதற்கு மணிக்கணக்கில் ஆகும். வெயில் நாளில், பலரும் திறந்து மூடும் ஃப்ரீசரில், கடிகாரத்தோடு ஓடும் போட்டியில் அந்த நேரம் கிடைப்பதில்லை. இயன் வெளியேறியதற்குக் காரணம் டயானா இல்லை என்று பிபிசியும் சொன்னது. அவர் குப்பையில் போட்டதுதான் காரணம் என்று பால் ஹாலிவுட்டும் சொன்னார். ஏதாவது ஒன்றை மேசையில் வைத்திருந்தால் அவர்கள் அதைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். ஒளிபரப்பில் எந்தக் காட்சியும் பொய் இல்லை. டயானா எடுத்தது நிஜம், சொன்ன பதில் நிஜம், இயனின் கோபம் நிஜம். பொய்யாக இருந்தது நேரம் மட்டும். திரையில் ஒரு பொருளைக் காட்டிவிட்டு, வேறு யாரோ முட்டை அடிப்பதைக் காட்டிவிட்டு, மறுபடி அந்தப் பொருளுக்கு வந்தால், நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பதைப் பார்க்கிறவர்தான் நிரப்பிக்கொள்கிறார். பத்து வினாடியும் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். இசை லேசாகக் கீழிறங்கினால் பத்து நிமிடம் என்று முடிவுசெய்துவிடுவோம். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடியிருந்தால் அந்த ஊழலே நடந்திருக்காது.

படத்தொகுப்பாளரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அவர் டயானாவைப் பழிவாங்கக் கிளம்பிய ஆள் இல்லை. அவர் கையில் ஒரு பிரமாதமான விளைவு இருக்கிறது: ஒரு மனிதர் தன் கேக்கையே குப்பையில் போடுகிறார். அதற்கு ஒரு காரணம் வேண்டும். இரண்டு நாள் படப்பிடிப்பை ஒரு மணி நேரமாக்கும் அவசரத்தில் கிடைக்கிற உண்மையான காரணம் வெயில். ஆனால் வெயிலுக்கு முகம் கிடையாது. அதற்கு க்ளோஸப் வைக்க முடியாது. அது பதில் பேசாது. டயானாவுக்கு முகம் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. இந்த நிகழ்ச்சிகளில் வில்லன் பிறக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். முகமில்லாத காரணங்கள் உதிர்ந்துபோய், முகமுள்ள காரணம் மட்டும் மிச்சமாகும் இடம்.

கதை இங்கே முடியவில்லை. அடுத்த வார நிகழ்ச்சியில் டயானா இல்லை. உடல்நலமில்லாமல் விலகிவிட்டார் என்று அறிவித்தார்கள். சமூக வலைத்தளங்களில் பலர் உடனே முடிவுகட்டினார்கள்: மாட்டிக்கொண்டதால் ஓடிவிட்டார். ஆனால் அந்த சீசன் ஒளிபரப்புக்கு முன்பே படம்பிடித்து முடிக்கப்பட்டது. அவர் கூடாரத்தை விட்டுப் போனபோது எந்தப் பார்வையாளரும் எதையும் பார்த்திருக்கவில்லை. கோபப்பட ஆளே இல்லை. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்று நம் மூளை ஒட்டிக்கொள்கிறது. இந்த வெட்டை எந்த எடிட்டரும் போடவில்லை. நாமே போட்டுக்கொண்டோம்.

இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் அனுபவமும் உண்டு. மூன்று வருடம் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்தேன். இரண்டு கேமரா, முதல் நாள் ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பதிவு, அதிலிருந்து மூன்று மணி நேர டிவிடி. தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பா முகம் வேண்டும். இது எழுதப்படாத சட்டம். ஆனால் அந்த நிமிடத்தில் அப்பா எங்கே இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? சமையல்காரரிடம் இலை எண்ணிக்கை பேசிக்கொண்டிருப்பார், அல்லது கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அட்சதைத் தட்டை வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு மணி நேரம் முன்னால் ஹோமப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பாருங்கள், அது அற்புதமான ஷாட். அதை எடுத்து கெட்டிமேளத்துக்கு அடுத்து வைப்போம். வீட்டில் போட்டுப் பார்ப்பார்கள். “அன்னிக்கு அப்பா அழுததை நான் கவனிக்கவே இல்லையே” என்று பெண் அழுவாள். அப்பாவுக்கே ஒரு வாரத்தில் தான் அழுதது ஞாபகத்துக்கு வந்துவிடும்.

சினிமா படிக்கிறவர்களுக்கு இது ரஷ்ய இயக்குநர் குலஷோவின் நூறாண்டுப் பழைய சோதனை: ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்கு அடுத்து வைத்தால் பசி, சவப்பெட்டிக்கு அடுத்து வைத்தால் துக்கம். கும்பகோணத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, வேலை தெரியும். இன்னொன்றும் தெரியும். சம்பந்தியம்மா ஃபேன் நின்றுபோன எரிச்சலில் ஒரு முறை முகத்தைச் சுளித்திருப்பார். அந்தச் சுளிப்பை எடுத்து, சீர்வரிசைத் தட்டுகள் வரும் காட்சிக்கு அடுத்து வைத்தால்? இரண்டு நிமிட வேலை. ஒரு குடும்பம் பத்து வருடம் பேசாமல் இருக்கும். எந்த ஸ்டுடியோவும் அதைச் செய்யாது. காசு கொடுப்பவர்கள் அந்தக் குடும்பமே. ரியாலிட்டி நிகழ்ச்சியில் காசு கொடுப்பவர் வேறு, முகம் கொடுப்பவர் வேறு. வித்தியாசம் அவ்வளவுதான், தொழில்நுட்பம் ஒன்றுதான்.

இரவல் முகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், பொறுமை வேண்டும். ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் அதிர்ச்சியாகப் பார்க்கிறார் என்றால், இருவரும் ஒரே சட்டகத்தில் எப்போதாவது வருகிறார்களா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சந்தேகப்படலாம். பிறகு முடி ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா, கையிலிருந்த டம்ளர் எங்கே போனது, ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பேக் ஆஃப் மாதிரியான நிகழ்ச்சிகளில் போட்டியாளர்கள் இரண்டு நாளும் ஒரே உடையைப் போட்டுக்கொள்கிறார்கள்; எந்த ஷாட்டையும் எந்த நேரத்துக்கும் நகர்த்த அது வசதி.

குரலில் செய்வது இன்னும் நுட்பம். அமெரிக்க ரியாலிட்டி உலகில் அதற்கு ‘ஃபிராங்கன்பைட்’ என்று பெயர். ஃபிராங்கன்ஸ்டைன் பல பிணங்களின் உறுப்புகளைத் தைத்தது போல, வேறு வேறு வாக்கியங்களின் துண்டுகளைத் தைத்து ஒரு வாக்கியம் செய்வது. தமிழ் நிகழ்ச்சிகளில் இது நடக்கிறது என்று குற்றம்சாட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் நம் மொழி இதற்கு ஆபத்தான அளவுக்கு வாகானது என்று மட்டும் சொல்வேன். தமிழில் வாக்கியத்தின் தலையெழுத்து கடைசிச் சொல்லில் இருக்கிறது. “எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், ஆனா சில நேரம் கத்துறது பிடிக்கல” என்று ஒருவர் சொன்னால், நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் போதும்: “எனக்கு அவளைப் பிடிக்கல.” ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்பது வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும், இங்கே அது வினையின் வாலில் தொங்குகிறது. காதைத் தீட்டிக்கொண்டால் பிடித்துவிடலாம். இயல்பான தமிழ் வாக்கியம் முடியும்போது குரல் இறங்கும். தைத்த வாக்கியத்தில் அது நடுவானில் நிற்கும், அல்லது திடீரென்று குழியில் விழும். முக்கியமாக, தையல் விழும் அந்த இடத்தில் பேசுகிறவரின் வாய் திரையில் தெரியாது. கேட்கிறவரின் முகமோ, தூரத்துக் கேமராவோ, மேசைமேல் ஒரு பூச்சாடியோ வந்துவிடும்.

இதற்கு உதவுவதுதான் தனியறையில் எடுக்கும் பேட்டி. கேள்வி கேட்கும் தயாரிப்பாளரின் குரல் வெட்டப்படும் என்பதால், பதிலுக்குள்ளேயே கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்வார்கள். “யாராவது ஏமாத்துறாங்கன்னா யாரா இருக்கும்னு நினைக்கிறீங்க?” என்று குடைந்து கேட்பார்கள். பத்து முறை நழுவியவர் பதினோராவது முறை ஒரு பெயரைச் சொல்வார். திரையில் கேள்வியும் இல்லை, நழுவிய பத்து முறையும் இல்லை. ஒரு மனிதர் தானாக வந்து உட்கார்ந்து புறம்பேசுகிறார்.

இப்போது பிக் பாஸுக்கு வருகிறேன். முதல் சீசன் தொடங்கியபோது வீட்டில் 15 பேர். ஒரு நாளைக்கு 24 மணி நேரம். ஆள்கணக்கில் பார்த்தால் நாளொன்றுக்கு 360 மணி நேர வாழ்க்கை, இரவில் நம் வீட்டுக்கு வருவது விளம்பரம் போக ஒரு மணி நேரம் சொச்சம். இந்தச் சுருக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பெண் 16 மணி நேரம் விழித்திருக்கிறார், அதாவது 960 நிமிடம். அதில் 12 நிமிடம் சண்டை போடுகிறார். நூற்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த யாருக்கும் இது சாதாரணம், சொல்லப்போனால் நல்ல குணம். அன்றைய நிகழ்ச்சியில் அவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. அவர் காய் நறுக்கியது, குளித்தது, யாருக்கோ தைலம் தேய்த்துவிட்டது எதுவும் கதை இல்லை. ஐந்தில் நான்கு நிமிடம் சண்டை. இப்போது அவர் நூற்றுக்கு எண்பது பங்கு சண்டைக்காரி. ஒரு காட்சிகூடத் திரிக்கப்படவில்லை. மறுநாளும் இதே கணக்கு. ஒரு வாரத்தில் என் அத்தை மாதிரி ஒருவர், “இவளுக்கு வேற வேலையே இல்ல, எப்பப் பாரு வம்பு” என்று சொல்வார். அவர் சொல்வது சரி. அவர் பார்த்தவரைக்கும் அந்தப் பெண்ணுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

பேக் ஆஃபில் இல்லாத ஒரு சங்கதி இங்கே உண்டு. அங்கே எல்லாம் முன்பே எடுத்து முடித்தது. இங்கே அன்றன்றைக்கு வெட்டி அன்றன்றைக்கு ஒளிபரப்புகிறார்கள், மக்கள் வாக்கும் போடுகிறார்கள். நேற்று மக்களுக்கு யார் மேல் எரிச்சல் வந்தது என்பது இன்று எடிட்டிங் மேசையில் உட்காருகிறவருக்குத் தெரியும். எரிச்சல் வந்த முகத்தைத்தான் மக்கள் தேடுவார்கள். தேடுவதைக் கொடுப்பார். வில்லி ஒரு நாளில் ஆவதில்லை, இப்படித் தவணை முறையில் ஆகிறார். பகலில் வரும் ப்ரோமோக்கள் இன்னும் ஒரு படி மேலே. அரை நிமிடத்தில் ஒரு வசனம், ஓர் அதிர்ந்த முகம், ஒரு டமார். இரவில் முழுசாகப் பார்த்தால் அந்த முகம் வேறு எதற்கோ அதிர்ந்திருக்கும், பல சமயம் அதிரவே செய்திருக்காது.

கதாநாயகி உருவாவதும் இதே மேசையில்தான். ஓவியா முதல் சீசனில் அப்படி ஒரு ராணியானதற்கு அவருடைய இயல்பு முக்கியக் காரணம், சந்தேகமில்லை. ஆனால் வடிவத்தைக் கவனியுங்கள். நான்கு பேர் கூடி அவரைப் பற்றிக் கிசுகிசுக்கிறார்கள். அடுத்த ஷாட்டில் அவர் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார், அல்லது தோட்டத்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு துண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்த உடனே அவர் அப்பாவி, அவர்கள் சதிகாரர்கள். நாயகிக்கு வசனமே தேவையில்லை. அவர் தனியாக இருந்தால் போதும். ஓவியா ஆர்மி என்று ஒரு படையே கிளம்பியது. ஆனால் அந்தத் தனிமை அவருக்கு நிஜமாகவே இருந்தது. ஆகஸ்டில் மனம் நொந்து பாதியிலேயே வீட்டை விட்டு வெளியேறினார். நமக்கு அழகாகத் தெரிந்த ஷாட்டுகளில் பாதி, உதவி தேவைப்பட்ட ஒரு பெண்ணின் ஷாட்டுகள். இதை அந்த நாட்களில் எழுதியவர்கள் குறைவு.

வெயிலுக்கு முகமில்லை என்று சொன்னேன். பிக் பாஸ் வீட்டின் வெயில் என்ன? போன் கிடையாது, செய்தி கிடையாது, வெளி மனிதர்கள் கிடையாது. நல்ல சாப்பாட்டுக்கு டாஸ்க்கில் ஜெயிக்க வேண்டும். வாரா வாரம் பக்கத்தில் தூங்குகிறவரை வெளியேற்றச் சொல்லிப் பெயர் கொடுக்க வேண்டும். பருப்புக்கு வரும் சண்டைக்கு முதல் காரணம் இந்த ஏற்பாடுதான். அதற்கு ஒரு குரல் மட்டும் உண்டு, முகம் இல்லை. ஆகவே சண்டை காயத்ரி ரகுராமின் குணமாகிறது, ஜூலியின் குணமாகிறது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினாவில் கோஷம் போட்டு ஊர் அறிந்த ஒரு செவிலியர், அதே ஆண்டின் மத்தியில் பொய் என்ற சொல்லுக்கே அடையாளமாக்கப்பட்டார். நிகழ்ச்சியை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தக் கேலி நிற்கவில்லை. ஒரு பொய்க்கு அது எத்தனை வருடத் தண்டனை?

இதையெல்லாம் கதைசொல்லல் என்று நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. புராணத்திலும் வில்லன் இல்லையா என்பார்கள். இருக்கிறான். ஆனால் நம் தெருக்கூத்தில் துரியோதனன் எப்படி வருகிறான்? திரைக்குப் பின்னால் நின்று தன்னைத் தானே பாடி அறிமுகம் செய்துகொண்டு வருகிறான். அவனுக்கென்று பாட்டு உண்டு, அடவு உண்டு, தன் பக்க நியாயத்தைச் சொல்ல விடிய விடிய நேரம் உண்டு. படுகளத்தில் அவன் விழும்போது ஊர் அழுகிறது. அந்த வேடத்தைக் கட்டுகிறவருக்கும் தான் கட்டுவது என்ன வேடம் என்று தெரியும், விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிடுவார். ரியாலிட்டி நிகழ்ச்சியின் வில்லி, தன் வேடம் என்னவென்று தெரியாமலே நடித்து முடிக்கிறார். வீட்டுக்கு வந்து போனைத் திறக்கும்போதுதான் தெரிகிறது. கழுவ முடிவதில்லை, முகமே அதுதான்.

2022 முதல் ஹாட்ஸ்டாரில் இருபத்துநான்கு மணி நேர நேரலையும் வந்தது. இனிமேல் எடிட் செய்து ஏமாற்ற முடியாது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். ஓரளவு பலன் இருந்தது. இரவு நிகழ்ச்சியில் விடுபட்ட முன்வாக்கியத்தை ரசிகர்கள் தேடி எடுத்துப் போட்டார்கள். ஆனால் நேரலையிலும் எந்தக் கேமராவைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். தவிர, ரசிகர்கள் எடுத்துப் போடுவதும் முப்பது வினாடித் துண்டுதான். தங்கள் ஆளைத் தூக்கி, எதிராளியை அமுக்கும் துண்டு. முன்பு ஒரு மேசையில் நடந்த வேலை இப்போது ஆயிரம் போன்களில் நடக்கிறது.

கடைசியாக ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் சேனல் செவனில் ‘ஹவுஸ் ரூல்ஸ்’ என்றொரு போட்டி. ஜோடி ஜோடியாக வந்து ஒருவர் வீட்டை மற்றவர்கள் புதுப்பிக்க வேண்டும், மதிப்பெண் போட வேண்டும். 2017இல் அதில் தோழியோடு கலந்துகொண்ட ஒரு பெண் அடாவடிக்காரியாகக் காட்டப்பட்டார். இணையத்தில் வசவும் மிரட்டலும் குவிந்தன. மனநலம் குலைந்தது, வேலை கிடைக்கவில்லை என்று அவர் நியூ சவுத் வேல்ஸ் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையத்துக்குப் போனார். அவர் எங்கள் தொழிலாளியே அல்ல, வெறும் போட்டியாளர் என்றது நிறுவனம். 2019இல் ஆணையம் வேறு மாதிரி முடிவுசெய்தது. வாரா வாரம் பணம் கொடுத்திருக்கிறீர்கள், அவருடைய நேரம் முழுவதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்திருக்கிறது, ஆகவே அவர் தொழிலாளிதான். பகைமை நிறைந்த சூழலில் அவரை வைத்திருக்கிறீர்கள். காட்சிகளைத் தேர்ந்து வெட்டிய விதத்திலேயே அது தெரிகிறது. நிகழ்ச்சியின் பக்கத்தில் வந்த வசவுகளை நீக்காமல் விட்டதும் அவர் வேலையில் சந்தித்த பாதிப்புதான் என்றது.

விபத்தில் விரல் போன ஆலைத் தொழிலாளிக்குப் பொருந்தும் அதே சட்டம்தான் இது. வழக்கமாக இப்படிப்பட்ட வழக்குகளில் எந்த இயந்திரம், அதற்குக் காப்புத் தகடு இருந்ததா என்று கேட்பார்கள். இங்கே அந்த இடத்தில் எடிட்டிங் வந்து நின்றது.